புகைப்பதை நிறுத்துவது: நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், இப்போது என்ன செய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

நிறுத்துவதென்று முடிவெடுத்த இரவே பாக்கெட்டைக் கசக்கி எறிகிறார்கள், மூன்றாம் நாள் புதுப் பாக்கெட் வாங்கிவிடுகிறார்கள். பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. திடீரென்று நிறுத்தியதில் பிழை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கை பரபரக்கும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் விட்டதுதான் அவர்களைக் கவிழ்க்கிறது. இன்னொரு வகையினர் இதற்கு நேர்மாறு. வருடக்கணக்கில் படிப்பார்கள், தகவல் சேர்ப்பார்கள், ஆனால் ஒரு தேதி குறிக்க மாட்டார்கள். முதல் வகையினர் ஆயத்தம் இல்லாமல் செயலில் குதிக்கிறார்கள், இரண்டாம் வகையினர் யோசனையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

பழக்கத்தை மாற்றுவதைக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை இந்த இடத்தில் உதவும். புகைப்பதைத் தாங்களாகவே நிறுத்த முயன்றவர்களைக் கவனித்து, ப்ரோசாஸ்கா, டிக்ளெமெண்டே என்ற இரு உளவியலாளர்கள் 1980களில் இதை வகுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வேலை என்ன, அதில் எங்கே சறுக்குகிறது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். விளக்கத்துக்கு ஒரே ஒருவரைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். அவர் நாளைக்கு 18 சிகரெட் பிடிக்கிறார். காலை 6 மணிக்கு எழுந்து, 6:20க்கு முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார்.

## 1. முதலில் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

மூன்று கேள்விகள் போதும். அடுத்த 6 மாதத்துக்குள் நிறுத்தும் எண்ணம் இருக்கிறதா? அடுத்த 30 நாளுக்குள் நிறுத்தப் போகிறீர்களா? கடந்த ஒரு வருடத்தில் ஒரு முழு நாளாவது வேண்டுமென்றே புகைக்காமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

முதல் கேள்விக்கே 'இல்லை' என்றால் அது எண்ணம் எழாத கட்டம். 6 மாதத்துக்குள் என்கிறீர்கள், ஆனால் 30 நாளுக்குள் இல்லை என்றால் யோசிக்கும் கட்டம். 30 நாளுக்குள் நிறுத்தப் போகிறீர்கள், ஒரு நாளாவது நிறுத்திப் பார்த்ததும் உண்டு என்றால் ஆயத்தக் கட்டம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம் வரை செயல் கட்டம், அதற்குப் பிறகு நிலைநிறுத்தும் கட்டம்.

புதிதாக இதைப் படிப்பவர்கள் தங்களை ஒரு கட்டம் மேலே வைத்துக்கொள்வது வழக்கம். 'சீக்கிரம் விட்டுடணும்' என்று மனதில் ஓடுவதை ஆயத்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தேதி இல்லையென்றால் அது யோசிக்கும் கட்டம்தான். நம் உதாரணக்காரர் 'இந்த வருஷத்துக்குள்ள விட்டுடுவேன்' என்கிறார். போன வருடம் இரண்டு நாள் நிறுத்தியும் பார்த்தார். ஆனால் 30 நாள் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறார். ஆகவே அவர் இருப்பது யோசிக்கும் கட்டத்தில்.

இந்த முறையின் எல்லையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 6 மாதம், 30 நாள் என்பவை வசதிக்காகப் போட்ட கோடுகள், உடலுக்குள் அப்படி எந்தக் கோடும் இல்லை. கட்டத்துக்கு ஏற்றபடி கொடுத்த உதவி, எல்லோருக்கும் ஒரேபோல் கொடுத்த உதவியைவிட அதிகம் பேரை நிறுத்த வைத்ததா என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. முன்திட்டமே இல்லாமல் சட்டென்று நிறுத்தி, அப்படியே தொடர்கிறவர்களும் நிறையப் பேர். ஆகவே இன்றே நிறுத்தும் வேகம் உங்களுக்கு இருந்தால் 'நான் இன்னும் யோசிக்கும் கட்டத்தைக் கடக்கவில்லையே' என்று காத்திருக்காதீர்கள். இன்றே நிறுத்திவிட்டு, 4 முதல் 6 வரையுள்ள பகுதிகளின் வேலையை இன்று மாலைக்குள் சுருக்கமாகச் செய்துவிடுங்கள். எங்கே சிக்கி நிற்கிறோம் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டங்கள் பயன்பட வேண்டும், தள்ளிப்போடுவதற்குச் சாக்காகக் கூடாது.

## 2. எண்ணமே எழாதவரிடம் செய்யக்கூடியது

இந்தப் பகுதி பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். இந்தக் கட்டத்தில் இருப்பவர் நிறுத்துவது பற்றித் தானாகத் தேடிப் படிக்க மாட்டார்.

இவரிடம் மருந்து, தேதி, திட்டம் எதுவும் எடுபடாது. 'எப்போது நிறுத்தப் போகிறாய்?' என்று கேட்கக் கேட்க, புகைப்பதற்கான காரணங்களை அவர் தன் வாயாலேயே அடுக்குவார். அடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காரணங்கள் அவருக்குள் இன்னும் கெட்டிப்படும். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'சிகரெட்டில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிடிக்காதது என்று அவரே ஒன்றைச் சொன்னால், அதைப் பற்றி இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு அது போதும். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற விதியை மட்டும் தயங்காமல் வைக்கலாம். அது மற்றவர்களைக் காக்கும், எழுந்து வெளியே போய்ப் பிடிக்க வேண்டியிருப்பதால் புகைப்பவரின் தானியக்கத்தையும் கொஞ்சம் உடைக்கும்.

## 3. யோசிக்கும் கட்டம்: இழுபறியைக் காகிதத்தில் இறக்குங்கள்

இந்தக் கட்டத்தில் தகவலுக்குப் பஞ்சம் இருக்காது. புகையால் என்ன வரும் என்பது புகைப்பவருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பக்க எடையும் சமமாக நிற்பதால்தான் அவர் நகராமல் இருக்கிறார்.

ஒரு தாளை நான்கு கட்டமாக மடியுங்கள். தொடர்ந்தால் கிடைப்பது, தொடர்ந்தால் இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, நிறுத்தினால் இழப்பது. எல்லோரும் நடுவில் இருக்கும் இரண்டையும் வேகமாக நிரப்பிவிட்டு, முதலாவதையும் நான்காவதையும் வெறுமையாக விடுகிறார்கள். 'சிகரெட்டால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை' என்று எழுதுவது நேர்மையாகத் தோன்றலாம், ஆனால் நன்மை இல்லாத ஒன்றை யாரும் நாளைக்கு 18 தடவை செய்ய மாட்டார்கள். உண்மையான தடை அந்த இரண்டு கட்டங்களில்தான் ஒளிந்திருக்கும்.

நம் உதாரணக்காரர் தாளின் நான்காவது கட்டத்தில் மூன்று வரி எழுதுகிறார். 'வேலைக்கு நடுவில் எழுந்து போக ஒரு காரணம் இருக்காது. இரண்டு நண்பர்களோடு நின்று பேசும் பத்து நிமிஷம் போய்விடும். கோபம் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.' இந்த மூன்றுமே தீர்க்கக்கூடியவை. எழுந்து போவதற்கும் நண்பர்களோடு நிற்பதற்கும் புகை தேவையில்லை. கோபத்துக்கு மட்டும் புதிதாக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். எழுதிப் பார்க்கும் வரை 'என்னால் முடியாது' என்ற ஒற்றைப் பாறையாகத் தெரிந்தது, எழுதிய பிறகு மூன்று தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிட்டது.

இந்தத் தாளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஏழாம் நாள் அதை மறுபடி படித்துவிட்டு 30 நாள் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அப்போதும் பதில் வரவில்லையென்றால் சிறிய சோதனை ஒன்று செய்யலாம். ஒரே ஒரு நாள், 24 மணி நேரம், புகைக்காமல் இருந்து பாருங்கள். நிரந்தரமாக நிறுத்துவதாக யாருக்கும் சொல்ல வேண்டாம். எந்த நேரத்தில் அதிகம் தவித்தீர்கள், எந்த நேரத்தில் நினைவே வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்துக்கு வேண்டிய தகவலில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

## 4. ஆயத்தம், முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

எதையும் குறைக்காமல், எப்போதும்போல் புகைத்துக்கொண்டே மூன்று நாள் குறிப்பு எடுங்கள். அதில் ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும், ஏனென்றால் வேலை நாளின் தூண்டுதல்களும் விடுமுறை நாளின் தூண்டுதல்களும் வேறு வேறு. பற்றவைப்பதற்கு முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் தேவையின் அளவு சரியாக வராது. நேரம், இடம், சற்றுமுன் என்ன நடந்தது, எவ்வளவு தேவைப்பட்டது (1 முதல் 5 வரை) ஆகிய நான்கும் போதும்.

உதாரணக்காரரின் ஒரு நாளிலிருந்து சில வரிகள்:

- 6:20, வாசல், எழுந்ததும், 5
- 6:50, வாசல், காபி குடித்துக்கொண்டே, 4
- 9:10, அலுவலக வாசல், உள்ளே போகும் முன், 2
- 11:00, படிக்கட்டு, நண்பர் கூப்பிட்டார், 2
- 13:40, வெளியே, சாப்பிட்டவுடன், 5
- 16:15, படிக்கட்டு, மேலதிகாரியோடு வாக்குவாதம், 5
- 22:30, மாடி, போன் பார்த்துக்கொண்டே, 1

மூன்று நாளையும் கூட்டிப் பார்க்கும்போது, 18 சிகரெட்டில் 4 அல்லது 5 மதிப்பெண் வாங்கியவை ஐந்தாறுதான் என்று தெரிகிறது. மற்றவை இடமும் ஆளும் இழுத்துக்கொண்டு போனவை. இந்த இரண்டு வகைக்கும் சிகிச்சை வேறு. 1, 2 வாங்கியவை சூழலை மாற்றினாலே விழுந்துவிடும். 5 வாங்கியவற்றுக்கு மருந்தும் முன்கூட்டி எடுத்த முடிவும் சேர்ந்து வேண்டும். இந்தப் பிரிவினை தெரியாதவர்கள் எல்லாச் சிகரெட்டோடும் ஒரே பலத்தில் மோதிக் களைத்துப்போகிறார்கள்.

## 5. ஆயத்தம், இரண்டாவது வேலை: அடிமைத்தனத்தை அளந்து மருந்தை முடிவு செய்வது

இரண்டு கேள்விகளில் அளந்துவிடலாம். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் 2, 31 முதல் 60 நிமிடம் 1, அதற்கு மேல் 0. நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டுங்கள். 0, 1 என்றால் குறைவு, 2 முதல் 4 வரை நடுத்தரம், 5, 6 என்றால் கடுமை. முதல் கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள நிக்கோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுக்க அது வடிந்துபோக, எழுந்தவுடன் உடல் எவ்வளவு அவசரமாகக் கேட்கிறது என்பதே அடிமைத்தனத்தின் நேரடியான அளவு.

உதாரணக்காரருக்கு 2 + 1 = 3, நடுத்தரம். இந்த அளவில் மருந்து இல்லாமலும் சிலர் நிறுத்துகிறார்கள், ஆனால் மருந்தோடு வாய்ப்பு கூடுகிறது. அவர் முன் இருக்கும் வழிகள் இவை.

நிக்கோடின் பட்டை. நாளைக்கு 10க்கு மேல் பிடிப்பவருக்கு 21 மி.கி. பட்டையில் தொடங்குவது வழக்கம். 6 வாரம் 21 மி.கி., அடுத்த 2 வாரம் 14 மி.கி., கடைசி 2 வாரம் 7 மி.கி. முடியில்லாத, உலர்ந்த மேலுடல் தோலில், தினம் ஓர் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். இரவில் தூக்கம் கெட்டாலோ விசித்திரமான கனவுகள் வந்தாலோ படுக்கும் முன் கழற்றிவிடலாம்.

நிக்கோடின் சூயிங் கம். பட்டை மெதுவாக, சீராக வேலை செய்யும். திடீரென்று எழும் தவிப்பை அது தனியாகப் பிடித்து நிறுத்தாது. அதற்காகத்தான் கம். பட்டையும் கம்மும் சேர்ந்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். கம் மட்டும் என்றால், எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. பட்டையோடு சேர்க்கும்போது எந்த அளவு என்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்களில் பாதிப்பேர் 'கம் வேலை செய்யவில்லை' என்பார்கள். கேட்டுப் பார்த்தால் சாதாரணச் சூயிங் கம்போல மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் தரும், தவிப்பு தணியாது. நிக்கோடின் கன்னத்தின் உட்தோல் வழியாக ஏற வேண்டும். காரமான சுவையோ சுரீரென்ற உணர்வோ வரும்வரை மெதுவாக மெல்லுங்கள். வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். உணர்வு அடங்கியதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒரு கம் இப்படி அரை மணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். வாய் புளித்திருந்தால் நிக்கோடின் சரியாக ஏறாது.

மாத்திரைகள். வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. இவற்றை நிறுத்தும் நாளில் தொடங்கக் கூடாது, ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். இது தெரியாமல் தேதியை நாளைக்கே குறிப்பவர்கள் மருந்து பிடிக்கும் முன்பே வீழ்கிறார்கள். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மனநோய்க்கோ மூச்சிரைப்புக்கோ மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் தேதி குறிக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின் போன்ற மருந்துகளை வேகமாகக் கரைக்கின்றன. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். இந்த மருந்துகளின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டிவரலாம்.

## 6. ஆயத்தம், மூன்றாவது வேலை: தேதி, முன்முடிவு, வீடு

தேதியை இரண்டு வாரத்துக்குள் குறியுங்கள். அதைவிடத் தள்ளினால் வேகம் தணிந்துவிடும். மன அழுத்தமே இல்லாத நாளைத் தேடாதீர்கள், அப்படி ஒரு நாள் வராது. தெரிந்தே வரப்போகும் பெரிய நெருக்கடி நாளை மட்டும் தவிர்த்தால் போதும்.

படிப்படியாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா? இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களையும் ஒரே நாளில் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்டார்கள். 4 வாரம் கழித்து, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். இரு தரப்புக்கும் மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேதியே குறிக்காமல் 'குறைத்துக்கொண்டு வருகிறேன்' என்பது இதைவிடப் பலவீனமான வழி. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக இழுத்து அதே நிக்கோடினை எடுத்துக்கொள்வதும், மிஞ்சிய ஐந்து சிகரெட் முன்னைவிட அருமையாகத் தெரிவதும் வழக்கம்.

அடுத்தது முன்முடிவு. குறிப்பில் 4, 5 வாங்கிய ஒவ்வொன்றுக்கும் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். தவிப்பு வரும்போது யோசித்து முடிவெடுக்கும் தெம்பு இருக்காது, ஏற்கெனவே எடுத்த முடிவைச் செய்துவிட மட்டும்தான் முடியும். நம் உதாரணக்காரரின் வாக்கியங்கள்:

- எழுந்ததும் பட்டையை ஒட்டுவேன், பல் தேய்ப்பேன், கம் போடுவேன். வாசலுக்குப் போகாமல் நேரே குளிக்கப் போவேன்.
- காபியைக் கம் முடிந்த பிறகு, அடுப்படியில் நின்றே குடிப்பேன்.
- மதியம் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, உடனே பல் தேய்ப்பேன்.
- யாராவது 'வா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்' என்றால், 'நான் விட்டுட்டேன், நீ போய்ட்டு வா' என்பேன்.
- வாக்குவாதம் நடந்தால், படிக்கட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஐந்து நிமிடம் நடப்பேன்.

'மன உறுதியோடு இருப்பேன்' என்பது இந்த இடத்தில் பயன்படாத வாக்கியம். கையும் காலும் என்ன செய்யும் என்று வாக்கியத்தில் தெரிய வேண்டும். அதேபோல் 'விடப் பார்க்கிறேன்' என்று சொல்வதைவிட 'விட்டுட்டேன்' என்று சொல்வது நல்லது. முன்னதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் 'இன்னிக்கு ஒண்ணு மட்டும்' என்று பேரம் பேச இடம் கிடைக்கிறது.

முந்தைய நாள் மாலை வீட்டைத் துடையுங்கள். பாக்கெட், லைட்டர், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம், பைகளின் ஓரம், வண்டியின் இடுக்கு, பழைய சட்டைப் பை எல்லாம் பார்க்க வேண்டும். 'அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்' என்று வைக்கும் அந்த ஒன்றுதான் பெரும்பாலும் முதல் சறுக்கலாகிறது. தவிப்பின் ஓர் அலை சில நிமிடங்களில் தணிந்துவிடும். கடைக்குப் போய் வர வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்குள் அலை இறங்க வாய்ப்பு உண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. இரண்டே இரண்டு பேரிடம் தேதியைச் சொல்லுங்கள்: வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் உங்களோடு புகைப்பவர் ஒருவர். இரண்டாமவரிடம் 'என் எதிரில் நீட்டாதே' என்று ஒரே ஒரு உதவி கேளுங்கள்.

## 7. செயல் கட்டம்: முதல் மூன்று நாள்

விதி ஒன்றே: ஓர் இழுப்புக்கூடக் கிடையாது. 'ஒன்று மட்டும்' என்பதற்கு இடம் வைத்தால் ஒவ்வொரு தவிப்பின்போதும் 'அந்த ஒன்று இதுதானா?' என்று மனம் வாதாடும். முழுத்தடையில் அந்த வாதமே எழாது. உதவி எதுவும் இல்லாமல் நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்தான் திரும்புகிறார்கள். ஆகவே உங்கள் பலம் முழுவதையும் இந்த நாள்களில் செலவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் நிக்கோடின் விலகல் உச்சத்துக்கு வரும். எரிச்சல், கவனம் சிதறுதல், தூக்கம் கெடுதல், பசி, காரணமில்லாத சோர்வு எல்லாம் இருக்கும். மருந்து எடுப்பவருக்கு இவை மட்டுப்படும், முழுக்க மறையாது. கம்மைத் தவிப்பு உச்சத்துக்குப் போன பிறகு தேடாமல், முதல் வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்காகப் போடுங்கள். நாளைக்கு 24க்கு மேல் போகக் கூடாது. புதியவர்கள் எதிர்த்திசையில்தான் தவறுகிறார்கள். நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு, மருந்தைக் குறைவாக எடுப்பதை வீரமாக நினைக்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று காபி. புகை கல்லீரலைத் தூண்டுவதால், புகைப்பவரின் உடல் கஃபீனை வேகமாகக் கரைத்துவிடுகிறது. நிறுத்தியதும் அந்த வேகம் குறைய, அதே நான்கு கோப்பைக் காபி முன்னைவிட ஏறக்குறைய இரு மடங்கு கஃபீனை ரத்தத்தில் நிறுத்தும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை வர, அதையும் சிகரெட் இல்லாததன் கொடுமை என்று எண்ணிக்கொள்வார்கள். நிறுத்திய நாளிலிருந்து காபியையும் தேநீரையும் பாதியாக்குங்கள்.

## 8. செயல் கட்டம்: நான்காம் நாளிலிருந்து ஆறாம் மாதம் வரை

உடலின் விலகல் குறிகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பசி மட்டும் இன்னும் நீளும். ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடுகிறது, இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியது. முதல் மாதத்திலேயே கடுமையாக உணவைக் கட்டுப்படுத்தாதீர்கள். பசியும் நிக்கோடின் தவிப்பும் சேர்ந்துகொண்டால் எது எது என்று பிரித்தறிய முடியாது. இனிப்பைக் கையருகில் வைக்காமல் இருப்பதும் தினம் நடப்பதும் இப்போதைக்குப் போதும். இருமல் சிலருக்குச் சில வாரம் கூடும், வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் வரலாம். இவை கடந்துபோகும். ஆனால் சளியில் ரத்தம் கண்டாலோ மனச்சோர்வு நாளுக்கு நாள் ஆழமானாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு தவிப்பு அரிதாக வரும், ஆனால் சொல்லாமல் வரும். இந்த இடத்தில் மூன்று நாள் குறிப்பு தன் எல்லையைக் காட்டிவிடும். அந்த மூன்று நாளில் நடக்காத நிகழ்ச்சிகள் அதில் இல்லை. நெடும்பயணம், விருந்து, துக்க வீடு, தேர்வு முடிவு, மது என்று எதுவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மதுவை முதல் நான்கு வாரம் தவிர்ப்பதே நல்லது. மது முன்முடிவைத்தான் முதலில் கலைக்கும்.

## 9. ஒன்று பிடித்துவிட்டால்

ஒரு சிகரெட் சறுக்கல். மறுபடியும் தினசரிப் பழக்கமாவது வீழ்ச்சி. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது பெரும்பாலும் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற எண்ணம்தான். ஆகவே பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

மிச்சம் இருப்பதை நனைத்து எறியுங்கள். பட்டையைக் கழற்றாதீர்கள். ஒரு சிகரெட் பிடித்ததால் பட்டை ஆபத்தாகிவிடாது, கழற்றினால்தான் அடுத்த தவிப்பு பலமாக வரும். என்ன நடந்தது என்று மூன்று நாள் குறிப்பின் கீழே, அதே முறையில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்குப் பொருத்தமாக முன்முடிவைத் திருத்துங்கள்.

உதாரணக்காரர் 11ஆம் நாள் சறுக்குகிறார் என்று வைப்போம். வாக்குவாதம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் நடப்பதாக எழுதியிருந்தார், ஆனால் அன்று வாக்குவாதம் தொலைபேசியில், வீட்டு மாடியில் நின்றிருந்தபோது நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நீட்டினார். அவருடைய வாக்கியம் அலுவலகத்துக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்திருக்கிறது. திருத்தியது: 'கோபமான அழைப்பு எங்கே வந்தாலும், முடிந்ததும் முகம் கழுவி, கம் போட்டு, கீழே இறங்கி நடப்பேன்.' நிறுத்திய தேதியை அவர் மாற்றவில்லை, எண்ணிக்கை தொடர்கிறது. சறுக்கலுக்குப் பிறகு 'திங்கட்கிழமையிலிருந்து மறுபடி' என்று தள்ளுகிறவர்கள் அந்த இடைவெளியிலேயே பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

## 10. நிலைநிறுத்தும் கட்டமும் மருந்தை இறக்குவதும்

பட்டையை மேலே சொன்ன கணக்கில் இறக்குங்கள். கம்மை 6 வாரத்துக்குப் பிறகு 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் கழித்து 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று விரித்து, 12 வாரத்தில் முடிப்பது வழக்கம். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. நன்றாக இருப்பதற்கு மருந்தும் ஒரு காரணம். குறைத்ததும் தவிப்பு திரும்பினால் முந்தைய அளவுக்கு ஒரு வாரம் ஏறிவிட்டு மறுபடி இறங்கலாம்.

6 மாதம் கடந்தவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் துன்பம் அல்ல, தன்னம்பிக்கை. 'இப்போது ஒன்று பிடித்தால் ஒன்றும் ஆகாது' என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அன்று ஒன்றும் ஆகாது, அதனால்தான் அடுத்த வாரம் இன்னொன்று வரும். ஓர் இழுப்பும் கிடையாது என்ற விதி இந்தக் கட்டத்திலும் மாறாது.

## 11. பழையபடி ஆகிவிட்டால் எந்தக் கட்டத்தில் தொடங்குவது?

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 30 நாள் கேள்வியை மறுபடி கேளுங்கள். 'ஆம்' என்றால் நேரே ஆயத்தக் கட்டத்துக்குப் போகலாம், நான்கு கட்டத் தாள் தேவையில்லை. குறிப்பும் வாக்கியங்களும் ஏற்கெனவே இருக்கின்றன, உடைந்த வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும். 'இப்போது வேண்டாம்' என்று மனம் சொன்னால் யோசிக்கும் கட்டத்துக்குத் திரும்பி, அந்தத் தாளின் நான்காவது கட்டத்தில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

எந்த நாளில் வீழ்ந்தீர்கள் என்பது அடுத்த முயற்சியில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும். முதல் வாரத்திலேயே என்றால் பெரும்பாலும் மருந்தில் குறை இருக்கும். அளவு போதவில்லை, கம்மை மென்ற விதம் தவறு, அல்லது மருந்தே எடுக்கவில்லை. இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவில் என்றால் முன்முடிவு இல்லாத ஒரு சூழல். 6 மாதத்துக்குப் பிறகு என்றால் சோதித்துப் பார்த்த அந்த ஒன்று. உதாரணக்காரர் போன வருடம் இரண்டே நாளில் திரும்பியவர். அப்போது அவர் மருந்து எதுவும் எடுக்கவில்லை. இந்தத் தடவை அவர் செய்த பெரிய மாற்றம், 6:20 சிகரெட்டின் இடத்தில் ஒரு பட்டையையும் ஒரு கம்மையும் வைத்ததுதான்.